குறியிடப்பட்ட கட்டுரைகள்: யாரை முதலில் அழைப்பது

எந்த மாணவரை முதலில் உரையாடலுக்கு அழைப்பது என்று முடிவு செய்ய, பிற மூலங்களோடு ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருளான டர்னிட்டின் குறியிட்டுள்ள 38 வரலாற்றுக் கட்டுரைகளையும் ஒப்புமை விழுக்காட்டின்படி வரிசைப்படுத்த வேண்டாம். மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் விலக்கிவிட்டு அறிக்கையை மீண்டும் பாருங்கள், பல கட்டுரைகள் அங்கேயே விடுபட்டுவிடும். சிதறிய சிறு பொருத்தங்கள் கூடி 30 விழுக்காடு காட்டும் கட்டுரையைவிட, வாதத்தின் மையமான பத்தி ஒன்று மூலம் சுட்டப்படாமல் அப்படியே எடுத்தாளப்பட்ட 9 விழுக்காட்டுக் கட்டுரைக்கே உரையாடல் முதலில் தேவை. இரு மாணவர்களின் கட்டுரைகள் ஒன்றோடொன்று பொருந்தினால் இருவரையும் அதே நாளில், தனித்தனியே அழையுங்கள். மூலத்தைச் சுட்டிவிட்டு மேற்கோள் குறியை மட்டும் விட்டவர்களுக்கு எழுத்துக் குறிப்பே போதும். அழைக்கப்பட்ட மாணவர் மீது குற்றம் சாட்டாமல், “இந்தப் பத்தியை எப்படி எழுதினீர்கள், முதல் வரைவைக் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள், அவர் விளக்கம் தரும்வரை மதிப்பெண் பதிய வேண்டாம்.