8-ஆம் வகுப்பு இரண்டாம் பருவக் கட்டணம்: நினைவூட்டல்

பெற்றோருக்கு வணக்கம். 2025-26 இரண்டாம் பருவக் கட்டணம் ₹14,500.

கட்ட வேண்டிய தேதி: 10-10-2025, வெள்ளி.
அபராதம் இல்லாமல் கட்டக் கடைசி நாள்: 17-10-2025, வெள்ளி. அன்றைய நாளும் இதில் சேரும்.

11 முதல் 17-ஆம் தேதிக்குள் கட்டினாலும் அதே ₹14,500தான். 18-10-2025 சனிக்கிழமை முதல் ₹200 அபராதம் சேர்த்து ₹14,700. அபராதம் ஒரே ஒரு முறைதான், நாளுக்கு நாள் ஏறாது. ஆனால் பாதித் தொகையை மட்டும் 17-க்குள் கட்டியிருந்தாலும் ₹200 உண்டு. வேன் கட்டணம் இதில் சேரவில்லை.

அலுவலகக் கவுண்ட்டர்: காலை 9:30 முதல் மாலை 3:30 வரை. 11, 12 தேதிகளில் (சனி, ஞாயிறு) விடுமுறை. பணமாகக் கட்டினால் ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் பணம் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

யுபிஐ, நெட்பேங்கிங்: 17-ஆம் தேதி இரவு 11:59 வரை. கட்டணச் சீட்டில் உள்ள கியூஆர் குறியீட்டையோ கணக்கு எண்ணையோ மட்டும் பயன்படுத்துங்கள். குறிப்புப் பகுதியில் பிள்ளையின் சேர்க்கை எண் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பணம் வந்திருந்தும் யாருடையது என்று தெரியாமல் எங்கள் பதிவேட்டில் பாக்கி என்றே நிற்கும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இங்கே படித்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். மொத்தமாக அனுப்பினால் முழுத்தொகையும் ஒருவர் பெயரில் ஏறி, மற்றவருக்குப் பாக்கி காட்டும்.

கணக்கில் பணம் கழிந்து, திரையில் ‘தோல்வி’ அல்லது ‘நிலுவை’ என்று வந்தால் உடனே மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அலுவலகத்தில் காட்டுங்கள். கழிந்த தேதி 17 அல்லது அதற்கு முன் என்றால் அபராதம் கேட்க மாட்டோம். 20-ஆம் தேதி தீபாவளி என்பதால் 17-ஆம் தேதி இரவில் வங்கிச் செயலிகள் திணற வாய்ப்பு அதிகம். இரண்டு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது.

காசோலையை 15-10-2025 புதன் மாலை 3:30-க்குள் கொடுங்கள். திரும்பி வந்தால் கட்டாததாகவே கொள்ளப்படும்.

17-க்குள் கட்ட முடியாத நிலை என்றால் 15-ஆம் தேதிக்குள் ஒரு கடிதம் கொடுங்கள், தவணை பேசிக்கொள்ளலாம். பிள்ளையிடம் வகுப்பில் கட்டணம் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அவர்களுடைய படிப்பும் தேர்வும் வழக்கம்போல் நடக்கும்.

பணம் கட்டச் சொல்லி எந்த லிங்க்கும் அனுப்ப மாட்டோம், ஓடிபி கேட்க மாட்டோம். அப்படி வந்தால் அது பள்ளியிலிருந்து வந்தது அல்ல.

ஏற்கெனவே கட்டி ரசீது வாங்கியிருந்தால் இந்தச் செய்தியை விட்டுவிடலாம். சந்தேகம் இருந்தால் மாணவர் டைரியின் முதல் பக்கத்தில் உள்ள எண்ணுக்கு அலுவலக நேரத்தில் பேசுங்கள்.

- பள்ளி அலுவலகம், 06-10-2025