ஒப்படைப்புக் குறிப்பு: அசெப்டிக் லைன் விரிவாக்கம், மாம்பழக்கூழ் ஆலை, கிருஷ்ணகிரி

தேதி: 16 பிப்ரவரி 2026, திங்கள்
என் கடைசி வேலை நாள்: 20 பிப்ரவரி, வெள்ளி

வணக்கம் சார்,

ஃபைலுக்குப் போகும் ஒப்படைப்புப் படிவத்தைத் தனியாகக் கையெழுத்துப் போட்டு அக்கவுன்ட்ஸில் கொடுத்துவிட்டேன். இது உங்களுக்கு மட்டும். படிவத்தில் எழுத முடியாததும் இதில் இருக்கிறது. பொறுமையாக ஒருமுறை படித்துவிட்டு, புதன்கிழமை நேரில் கேளுங்கள்.

நீங்கள் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பிராஜெக்ட் பார்த்தவர் என்று சொன்னார்கள். அங்கே இரண்டு வாரம் தள்ளிப்போனால் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவோம், அதோடு முடிந்தது. இங்கே அப்படி இல்லை. பெங்களூரா காய் (வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள்) ஜூன் முதல் வாரத்தில் லோடு லோடாக வரும், ஜூலை கடைசியில் தீர்ந்துவிடும். பழுக்க வைத்த பழம் யார்டில் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. லைன் ஆகஸ்டில் தயாரானால் அடுத்த வருஷம் வரைக்கும் துணி போட்டு மூடி வைக்க வேண்டியதுதான். நான் போட்ட கெடு எல்லாமே ஜூன் 1-லிருந்து பின்னோக்கி எண்ணியவை. மே 11 தண்ணீர் டிரையல், மே 22 பழ டிரையல். மே 22-ஐ மட்டும் யாருக்காகவும் நகர்த்தாதீர்கள்.

இப்போதைய நிலை

டிரைவில் `Aseptic_Plan_v14.xlsx` என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் 68 சதவீதம் முடிந்தது என்று காட்டும். நம்பாதீர்கள். அந்தச் சதவீதம் பில் போட்ட தொகையை வைத்து வருகிறது. என் கணக்கில் 55-ஐத் தாண்டாது.

ஷெட், கூரை, பழம் கழுவும் தொட்டி, கொட்டை நீக்கி, பல்ப்பர், ஃபினிஷர் எல்லாம் நின்றுவிட்டன. இவற்றில் உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. பல்ப்பரின் 0.8 மி.மீ. சல்லடை மட்டும் ஒன்று உபரியாக வர வேண்டும், ஸ்டோரில் ஞாபகப்படுத்துங்கள். ஸ்டெரிலைசர் வந்து மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே தளம் சரியாகாமல் அதை இறக்கக் கூடாது.

தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் தப்பு என்னுடையது. கூழைப் பையில் நிரப்பும் ஃபில்லர் வரும் ஹாலில் தளம் 100 சதவீதம் என்று பிளானில் பச்சை அடித்திருக்கும். டிசம்பரில் டைல்ஸ் பளபளவென்று இருந்ததைப் பார்த்து 80 சதவீத பில்லைப் பாஸ் பண்ணிவிட்டேன். பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் வடிகால் பக்கம் போகவே இல்லை. 7-ஆம் தூணைச் சுற்றிக் குளம் மாதிரி நின்றது, மீதி மெதுவாக பேனல் ரூம் வாசலுக்குப் போனது. மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் துடைப்பத்தைத் தேடினார். டிராயிங்கில் 100-க்கு 1 சரிவு. 6 மீட்டருக்கு 60 மி.மீ. இறங்க வேண்டும். டியூப் லெவல் பிடித்தால் 20 மி.மீ.தான் வருகிறது. கூழ் சிந்தும் இடம், தினமும் காஸ்டிக் விட்டுக் கழுவும் இடம். தண்ணீர் நின்றால் புளிக்கும், ஈ வரும், எக்ஸ்போர்ட் ஆடிட்டில் முதல் கேள்வியே அதுதான்.

பாய்லர் (6 டன்) ஃபவுண்டேஷன் முடிந்தது, புகைபோக்கி ஏறிவிட்டது. நீராவிக் குழாய் வெல்டிங் பாதி. ஐ.பி.ஆர். என்ற பாய்லர் விதிமுறைக்குள் வரும் வேலை என்பதால் ஒவ்வொரு வால்வுக்கும் சான்றிதழ் வேண்டும். வந்த 11 வால்வில் 3-க்கு ஃபார்ம் 3-சி இல்லை. சப்ளையர் "அடுத்த வாரம் சார்" என்று ஐந்து வாரமாகச் சொல்கிறார். அவருடைய 2.4 லட்சத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். காகிதம் கைக்கு வராமல் விடாதீர்கள். அது இல்லாமல் ஆய்வாளர் ஹைட்ரோ டெஸ்டுக்கு வந்தாலும் திரும்பிப் போவார்.

ஃபில்லர் இத்தாலியிலிருந்து வருகிறது. முதல் வீடியோ சோதனையில் இரண்டு பை தொடர்ந்து மூடி சரியாக உட்காரவில்லை. "பை மாதிரி சரியில்லை" என்றார்கள். நம் பைகளையே கூரியரில் அனுப்பியிருக்கிறேன். மறுசோதனை பிப்ரவரி 27, நம் நேரம் மதியம் 2 மணி. உற்பத்தி மேனேஜரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர் கண்ணுக்குத் தப்பாது. குறைந்தது 20 பை தொடர்ந்து நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். இது சரியானால்தான் மீதி 30 சதவீதப் பணம்.

பணம்

ஒப்புதல் 9.40 கோடி. ஆர்டர் போட்டது 8.62 கோடி, கொடுத்தது 5.71 கோடி. கையில் மிச்சம் 78 லட்சம். அதற்கு ஜெனரேட்டர் 44, கழிவுநீர் சுத்திகரிக்கும் இ.டி.பி.யின் ப்ளோயர் 17, டிரம் கன்வேயர் 14, தளம் 6 என்று 81 லட்சத்துக்குக் கேட்டு நிற்கிறார்கள். ஃபில்லரின் பாக்கி 93,000 யூரோ வேறு. ஆர்டர் போட்ட அன்றைய விலையில் கணக்கு வைத்திருக்கிறேன். யூரோ ஒரு ரூபாய் ஏறினால் நமக்கு 93,000 ரூபாய் கூடும்.

எனக்குத் தூக்கம் கெடுத்தவை

முதலாவது, ஃபில்லர் வரும் கப்பல். சென்னைத் துறைமுகத்துக்கு ஏப்ரல் 6 என்கிறார்கள். நான் 20 என்றே வைத்துக்கொள்கிறேன். சுங்கத்தில் ஒரு வாரம், பிறகு 250 கி.மீ. சாலை. கிரேனை இப்போதே சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, ஆட்கள். குழாய் வெல்டர்கள் பீகார்க்காரர்கள், மார்ச் 4 ஹோலிக்கு எல்லாரும் ஊருக்குப் போவார்கள். போனால் இரண்டு வாரம். பாதிப் பேரையாவது நிறுத்தக் கான்ட்ராக்டரிடம் பேசிவிட்டேன், ஆனால் வாயால்தான். இங்கத்தி ஆட்களுக்குப் பக்கத்து ஊரில் எருது விடும் விழா என்றால் அன்றைக்கு ஷெட்டில் நீங்களும் வாட்ச்மேனும்தான். அதைக் கோபப்பட்டு மாற்ற முடியாது. ஊர்த் தேதியை ஃபோர்மேனிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அனுமதிகள். சட்டமன்றத் தேர்தல் மே மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். தேர்தல் வேலை வந்துவிட்டால் எந்த ஆபீசிலும் ஆள் கிடைப்பது கஷ்டம். பாய்லர் ஆய்வு, மின் ஆய்வாளர் பாதுகாப்புச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இயக்க அனுமதி, மூன்றுக்கும் மனுவை மார்ச் 15-க்குள் உள்ளே போட்டுவிடுங்கள். மின் வாரியத்தில் 500 கே.வி.ஏ. கூடுதல் லோடுக்குப் பணம் கட்டியாயிற்று, ரசீது நீல ஃபைலில்.

இன்னொன்று, யாரும் ரிஸ்க் என்றே நினைக்காதது: இ.டி.பி. அதில் மோட்டாரைப் போட்டால் மட்டும் போதாது, உள்ளே நுண்ணுயிர் வளர வேண்டும். கூழ் ஆலைக் கழிவுநீர் சர்க்கரை, ஒரேயடியாக விட்டால் தொட்டி செத்துப்போய் நாறும். ஏப்ரல் 20-க்குள் ஏரேஷன் தொட்டியில் சாணம் கரைத்து, ப்ளோயரை ஓடவிட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் வெல்லத் தண்ணீர் கொடுத்துப் பழக்கினால்தான் ஜூனில் தாங்கும். சாணத்துக்கு இரண்டு டிராக்டர் லோடு பேசிவிட்டேன். உங்கள் பழைய கம்பெனியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நீங்கள் எடுக்க வேண்டிய, எடுக்க வைக்க வேண்டிய முடிவுகள்

தளம், பிப்ரவரி 25-க்குள். 7-ஆம் தூண் பக்கம் 40 சதுர மீட்டரை உடைத்துத் திரும்பப் போடுவதா, நடுவே கூடுதல் வடிகால் வெட்டுவதா? கான்ட்ராக்டர் வடிகால் என்பார், அவருக்கு அது மலிவு. ஆனால் ஃபில்லரின் கால் அங்கேதான் வருகிறது. உடையுங்கள் என்பது என் கருத்து. 6 லட்சத்தில் பாதியை அவர் தலையில் கட்டலாம், 20 சதவீத பில் இன்னும் நம் கையில் இருக்கிறது.

பழைய டப்பா லைன், மார்ச் 20-க்குள். ஃபில்லர் தாமதமானால் இந்த சீசனுக்கு ஏ-10 டப்பாவில் (3.1 கிலோ) அடைத்துச் சமாளிக்க வேண்டும். டப்பா ஆர்டருக்கு நாலு வாரம் ஆகும். வளைகுடா வாடிக்கையாளர்கள் 215 கிலோ டிரம்தான் கேட்கிறார்கள், அதனால் சேல்ஸில் யாருக்கும் இது பிடிக்காது. ஆனாலும் பழைய லைனை மார்ச் 20 முடிவுக்கு முன் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள். சின்னவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன்.

ஜெனரேட்டர், மார்ச் இறுதி. வாங்க 44 லட்சம். மூன்று மாத வாடகைக்கு எடுத்தால் 7-க்குள் முடியும். கரண்ட் ஒரு நிமிஷம் போனாலும் ஸ்டெரிலைசரில் கிருமிநீக்கம் உடைந்துவிடும், திரும்பச் சூடேற்றி லைனை எடுக்க ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் பத்து டன் பழம் வரிசையில் நிற்கும். ஆகவே ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது, ஆனால் இந்த வருஷம் வாடகை போதும். பட்ஜெட் தொல்லையும் அதோடு தீர்ந்தது.

பெரியவர் பணம் சம்பந்தப்பட்டதைக் காலை எட்டு மணிக்கு முன்னால், யார்டில் நடக்கும்போது கேட்டால்தான் நேராகப் பதில் சொல்வார். சின்னவர் வாட்ஸ்அப்பில் "ஓகே" போட்டால் அது படித்தேன் என்று அர்த்தம், சம்மதம் அல்ல. மெயிலில் வாங்குங்கள்.

எங்கேயும் எழுதாத ஒரு வாக்கு

கிழக்குக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவின் நிலம், சுவரிலிருந்து 30 அடியில் கிணறு. போன ஜூலையில் தோல், கொட்டைக் குவியல் மழையில் ஊறி வழிந்து வாசனை தாங்காமல் வந்து நின்றார். சண்டை போடவில்லை. ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "நீங்க குடிப்பீங்களா சார்?" என்றார். இ.டி.பி. வெளியேற்றுக் குழாய் அவர் பக்கம் வராது, தோல் குவியல் மேற்கு மூலைக்குப் போகும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். டிராயிங்கில் குழாய் இன்னும் கிழக்கேதான் இருக்கிறது, அதுதான் குறுக்குவழி. மேற்கே கொண்டுபோக 70 மீட்டர் கூடுதல் குழாய், ஏறக்குறைய 1.6 லட்சம். இதற்கு அனுமதி வாங்க எனக்கு நேரம் இல்லை, நீங்கள் வாங்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு மனுவில் போகும் வரைபடமும் அதே டிராயிங் என்பதால், மனுவுக்கு முன் இது முடிய வேண்டும்.

வெள்ளிக்குப் பிறகு சேலத்தில்தான் இருப்பேன், அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலையில் ஃபோன் எடுக்க முடியாது, மற்ற நேரத்தில் தயங்காமல் கூப்பிடுங்கள். ஆர்டர்கள், ஐ.பி.ஆர். சான்றிதழ்கள் என் அலமாரியில் மேல் தட்டு. சாவி செக்யூரிட்டியிடம், பேர் எழுதிய உறையில்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபில்லர் ஹாலுக்கு வாருங்கள். பக்கெட்டும் டியூப் லெவலும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். 7-ஆம் தூணிலிருந்து ஆரம்பிப்போம்.