செந்திலின் ‘மேட்டூரும் குறுவையும்’ முதல் வரைவு: என் கருத்துகள்

செந்தில்,

முதலில் பேனா எடுக்காமல் கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டு, அப்புறம்தான் மேடம் கொடுத்த ரூப்ரிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். நம் வகுப்பில் பலர் எல்லாவற்றுக்கும் 4 போட்டு ‘சூப்பர்’ என்று எழுதித் தந்துவிடுகிறார்கள். அதை வைத்து எதைத் திருத்துவது? நான் கறாராகப் போட்டிருக்கிறேன், கோபப்படாதே.

மையக் கருத்து: 2

முதல் பத்தியின் கடைசியில், “ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் டெல்டாவில் குறுவை பிழைக்கும்” என்று எழுதியிருக்கிறாய். இது எல்லோரும் சொல்வதுதான், உன்னுடையது இல்லை. உன்னுடையது ஐந்தாம் பத்தியில் ஒளிந்திருக்கிறது. தலைஞாயிறு பக்கத்தில் உன் பெரியப்பா நாற்று விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே இருந்ததும், அணை திறந்த செய்தி வந்து நாளாகியும் அங்கே தண்ணீர் வராததும். அந்த இடத்தில்தான் கட்டுரை நிமிர்ந்து உட்கார்கிறது. திறக்கும் தேதி ஒன்று, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும் தேதி வேறு. குறுவையைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான் என்பதே நீ உண்மையில் சொல்ல வருவது. அதை முதல் பத்திக்குக் கொண்டுவந்துவிட்டால் 4 போடலாம். “மேட்டூர் திறப்பு முக்கியமே இல்லை” என்று மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதே. திறக்காமல் எதுவும் வராது.

சான்று: 2

இந்தத் தலைப்பில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. முதலில் திருத்த வேண்டிய தகவல்கள். மேட்டூர் அணை 1924-இல் திறந்ததாக எழுதியிருக்கிறாய். 1934 என்று மாற்று. 1924 மைசூர்–சென்னை ஒப்பந்தம் நடந்த ஆண்டு, அதுதான் உன்னைக் குழப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். முக்கொம்பு மேலணையைக் கரிகாலன் கணக்கில் சேர்த்திருக்கிறாய். அது 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் கட்டியது. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது கல்லணை. மூன்றாவது, 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 192 டிஎம்சி கொடுத்ததாகச் சொல்கிறாய். 192 என்பது 2007-இல் நடுவர் மன்றம் சொன்ன அளவு. உச்ச நீதிமன்றம் அதில் 14.75 டிஎம்சியைக் குறைத்து 177.25 ஆக்கியது. தண்ணீர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரன் எழுதும் கட்டுரையில் இந்த எண் தப்பாக இருந்தால், படிப்பவர் மீதியையும் நம்பமாட்டார்.

அடுத்தது, உன் வாதத்துக்குக் கைகொடுக்கும் ஆண்டுகளை நீ விட்டுவிட்டாய். 2022-இல் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள். 2023-இல் வழக்கப்படி ஜூன் 12. 2024-இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை போனது. 2024-ஐ மட்டும் எடுத்தால் உன் முதல் பத்தி வாக்கியம் சரி என்றே தோன்றும். 2023-ஐ வைத்துப் பார்: தேதி தவறவில்லை, ஆனாலும் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் குறைந்து, கடைமடையில் குறுவைப் பயிர் காய்ந்தது. அக்டோபரிலேயே அணையை மூடவேண்டியும் வந்தது. தேதி மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இந்த ஓர் ஆண்டுக்கு முழுப் பத்தி ஒதுக்கு.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும் என்பதையும் சேர். 2021-இல் ஜூன் 12-இல் மேட்டூர், 16-இல் கல்லணை. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அதற்கப்புறம் கிளை வாய்க்கால்களில் இறங்கி, தூர்வாராத இடங்களில் தேங்கி, கடைசியில்தான் உன் பெரியப்பா வயல். இந்தப் பயணத்தைப் படிப்படியாக எழுதினால், ‘ஏன் தாமதம்’ என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பெரியப்பா சொன்னதை “விவசாயிகள் கூறுகின்றனர்” என்று பொதுவாக மாற்றியிருக்கிறாய். வேண்டாம். பெயர் போட வேண்டியதில்லை. எந்த வாய்க்கால், எந்த மாதம், எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்டு எழுது.

எதிர்வாதம்: 1

ரூப்ரிக்கில் ‘மாற்றுக் கருத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறாரா’ என்று இருக்கிறது. உன் வரைவில் அது இல்லவே இல்லை. “டெல்டா விவசாயிகள் எல்லோரும் மேட்டூரை நம்பியே குறுவை போடுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறாய். எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். இங்கே பம்புசெட் வைத்திருப்பவர்கள் அணை திறப்பதற்கு முன்பே நாற்று விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் ஒரு கூடுதல் உதவி. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு, அதனால் அங்கே அந்த வழி இல்லை. ஒரு வாசகர் “போர் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே” என்று கேட்டால் உன் கட்டுரை இப்போது வாயடைத்து நிற்கும். மேல்டெல்டாவுக்கும் கடைமடைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சொன்னால், எதிர்வாதத்துக்குப் பதிலும் ஆச்சு, உன் மையக் கருத்துக்குப் பலமும் ஆச்சு.

இன்னொரு கேள்வியும் வரும்: தண்ணீர் ஒரு மாதம் பிந்தினால் என்ன, பிந்தி நட வேண்டியதுதானே? குறுவை ரகம் சுமார் 110 நாள். நடவு தள்ளினால் அறுவடை அக்டோபர் கடைசிக்குப் போய் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்க 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்பு இருக்கிறது. இதை நாலே வரியில் சொல்லிவிடலாம்.

அமைப்பு: 2

முதல் மூன்று பத்தியும் கரிகாலன், சோழர் பெருமை, ‘சோழநாடு சோறுடைத்து’. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குறுவை நான்காம் பத்தியில்தான் வருகிறது. வரலாற்றை ஒரே பத்தியாகச் சுருக்கு. பழமொழியை எடுத்துவிடச் சொல்லமாட்டேன், ஆனால் நம் வகுப்பில் டெல்டா பற்றி எழுதும் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

மொழி: 3

சந்திப்பிழை சில இருந்தன, ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். ‘குருவை’ என்று இரண்டு இடத்தில் விழுந்திருக்கிறது, பார்த்துக்கொள். மற்றபடி உன் வாக்கியங்கள் சின்னதாக, தெளிவாக இருக்கின்றன. கடைசிப் பத்தியில் மட்டும் திடீரென்று மேடைப்பேச்சுக் குரல் வருகிறது. “விழித்தெழுவோம்” வரைக்கும் போயிருக்கிறாய். அந்தப் பத்தியை வெட்டிவிட்டு, 2023-இன் கதையோடு முடி.

மொத்தம் 20-க்கு 10. ஐந்தாம் பத்தியை முன்னுக்குக் கொண்டுவருவதை முதலில் செய், மற்றவை அதற்கப்புறம் தானாக இடம் மாறும். தேதிகளை மாற்றிய பிறகு, வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்தில் இருப்பேன், புது முதல் பத்தியை மட்டும் கொண்டுவா.

மலர்விழி