கீசர் மாத்தறதுக்கு முன்னாடி: நீங்க அனுப்பின போர்டு போட்டோவுக்கு என் பதில்

தம்பி, போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்துட்டேன். தெளிவா எடுத்திருக்கீங்க, லேபிள் எல்லாம் படிக்க முடியுது. நாளைக்குக் காலையில 10 மணிக்கு எலக்ட்ரீஷியன் பழைய கீசரைக் கழட்ட வர்றார். அவர் கை வைக்கறதுக்குள்ள கரண்டை நிறுத்தி வைக்கணும். போட்டோவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இதை முழுசாப் படிச்சிட்டு அப்புறம் போர்டுகிட்ட போங்க.

இடது ஓரத்துல ரெண்டு சுவிட்ச் அகலத்துக்கு ஒண்ணு இருக்கு பாருங்க, கைப்பிடி ரெண்டும் ஒண்ணா சேந்தது, கீழ "மெயின்"னு ஒட்டியிருக்கு. 63 ஆம்பியர். பேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேத்தே வெட்டும். இது தானா விழாது, நாமதான் இறக்கணும்.

அதுக்கு அடுத்தது, மஞ்சள் பட்டன் உள்ளது, இ.எல்.சி.பி. பட்டன் மேல "டி"ங்கற எழுத்து இருக்கும். வீட்டுல எங்கயாவது 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் கசிஞ்சா இது விழும். மனுஷன் உடம்பு வழியா மண்ணுக்குப் போற கரண்டும் கசிவுதான், அதனால உயிரைக் காப்பாத்தறது இதுதான். மாசம் ஒரு தடவை அந்தப் பட்டனை அமுக்கிப் பாருங்க, "டக்"குனு விழணும். விழலேன்னா அன்னைக்கே எனக்குச் சொல்லுங்க.

மூணாவதுலேருந்து எல்லாம் எம்.சி.பி., ஒவ்வொரு லைனையும் தனித்தனியா நிறுத்தற சின்ன சுவிட்ச். முகத்துல சி10, சி16, சி20ன்னு அச்சடிச்சிருக்கும், அந்த நம்பர்தான் ஆம்பியர். மூணாவது சி10, லைட்-ஃபேன். நாலாவது சி16, கிச்சன், ஃபிரிட்ஜும் இதுலதான். அஞ்சாவது சி20, கீசர். ஆறாவது ஏசி. ஏழாவது வாஷிங் மெஷின்.

எட்டாவதுல "ஸ்பேர்"னு மங்கலா எழுதியிருக்கு. அதை நம்பாதீங்க. வீடு கட்டினப்ப அது நிஜமாவே சும்மா இருந்தது. பின்னாடி இன்வெர்ட்டர் வாங்கினப்போ அதுலேருந்துதான் லைன் எடுத்தோம், லேபிளை மாத்தாம விட்டது என் தப்பு. உங்க போட்டோவுல அது மேல தூக்கி, சிவப்புக் கட்டம் தெரியற மாதிரி இருக்கு. அப்படின்னா ஆன். இந்த போர்டுல சிவப்புன்னா கரண்ட் போகுது, பச்சைன்னா நின்னுடுச்சு. சிவப்பைப் பாத்து "அணைஞ்சிருக்கு"ன்னு நெனைக்கறவங்களை நிறையப் பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

முக்கியமா கவனிக்க வேண்டியது இன்வெர்ட்டர். நீங்க மெயினை இறக்கின உடனே அது "கரண்ட் போயிடுச்சு"ன்னு நெனைச்சு பேட்டரிலேருந்து ஹால், பெட்ரூம் லைட்டுக்கும் ஃபேனுக்கும் 230 வோல்ட் அனுப்ப ஆரம்பிச்சிடும். அந்த லைன் நம்ம இ.எல்.சி.பி. வழியா வர்றது இல்ல, அதனால அங்க ஷாக் அடிச்சா இ.எல்.சி.பி. விழும்னு நம்ப முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடி நானே மெயினை மட்டும் இறக்கிட்டு ஹால் சுவிட்ச் பலகையைக் கழட்டினேன். விரல் பட்டதும் கை உதறிப் போச்சு. சுவர்ல இடிச்ச முழங்கை ஒரு வாரம் வலிச்சுது. அதனாலதான் இவ்வளவு விரிவா எழுதறேன்.

இன்னொண்ணு, இன்வெர்ட்டர் முன்பக்க சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. மெயின் ஆன்ல இருக்கும்போது அதை அணைச்சாலும், வீட்டுக் கரண்ட் அது வழியாவே நேரா லைட்டுக்குப் போயிட்டு இருக்கும். ரெண்டும் நின்னாத்தான் அந்த லைன் செத்த லைன்.

இப்போ வரிசையைச் சொல்றேன். கை காய்ஞ்சிருக்கணும், கால்ல ரப்பர் செருப்பு போட்டுக்கோங்க, தரை ஈரமில்லாம பாத்துக்கோங்க. முதல்ல ஏசியை ரிமோட்ல அணைங்க, கீசர், வாஷிங் மெஷினை அதது சுவர் சுவிட்சுல அணைங்க. லோடு ஓடிட்டு இருக்கும்போது கைப்பிடியை இறக்கினா உள்ள பொறி பறக்கும், காண்டாக்ட் தேயும். அப்புறம் இன்வெர்ட்டர் முன்பக்க சுவிட்சை அணைங்க. அடுத்து போர்டுகிட்ட போய், ஒரு கையால மட்டும், முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பிக்கிட்டு, எட்டாவதுலேருந்து மூணாவது வரைக்கும் ஒண்ணொண்ணா இறக்குங்க. கடைசியா மெயின்.

"கீசர்னு எழுதின அஞ்சாவதை மட்டும் இறக்கினா போதாதா"ன்னு கேப்பீங்க. அது ஒத்தை எம்.சி.பி., பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே இருக்கும். மெயின் இறங்கினாத்தான் ரெண்டும் பிரியும். அதோட, லேபிள் சொல்றதை மட்டும் வச்சு எந்த ஒயரையும் தொடக் கூடாது. எட்டாவது கதையைப் பாத்தீங்கல்ல?

எல்லாம் இறக்கினதும் வீட்டைச் சுத்தி வந்து ஹால் லைட், பெட்ரூம் ஃபேன், பாத்ரூம் லைட், ஃபிரிட்ஜ் லைட் எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. எதுவும் எரியக் கூடாது. ஏதாவது எரிஞ்சா அங்கேயே நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க. கீசர் ஒயர்ல கரண்ட் இல்லைன்னு டெஸ்ட் பண்றது எலக்ட்ரீஷியன் வேலை. நீங்க அவர்கிட்ட "முதல்ல கரண்ட் உள்ள இடத்துல டெஸ்டரை வச்சுப் பாத்துட்டு, அப்புறம் இங்க பாருங்க"ன்னு சொல்லுங்க. டெஸ்டரே பழுதா இருந்தா எல்லா ஒயரும் செத்த ஒயராத்தான் தெரியும். கரண்ட் உள்ள இடம் வேணும்னா வெளிய மீட்டர் பக்கத்துல இருக்கற பிளக் பாயிண்ட் போதும்.

போர்டு கதவுல ஒரு காகிதம் ஒட்டுங்க: "வேலை நடக்குது, யாரும் ஆன் பண்ணாதீங்க." வீட்டுல இருக்கற எல்லாருக்கும் வாயாலயும் சொல்லிடுங்க. இருட்டா இருக்குன்னு யாராவது போய் மெயினைத் தூக்கிட்டா அவ்வளவுதான்.

மெயினை இறக்கினாலும் போர்டு மூடியை மட்டும் கழட்டாதீங்க. மெயினுக்கு மேல வர்ற ஒயர் ரெண்டும் மீட்டர்லேருந்து நேரா வர்றது, அது எப்பவும் உயிரோடதான் இருக்கும். கருகின வாசனை, "ஸ்ஸ்"னு சத்தம், மூடியில தண்ணித் துளி, இதுல எது தெரிஞ்சாலும் போர்டைத் தொடவே வேண்டாம். கீழ மீட்டர் பக்கத்துல இருக்கற சுவிட்சை இறக்கிட்டு என்னைக் கூப்பிடுங்க. அங்கயும் சீல் வச்ச ஃபியூஸ் பெட்டியைத் திறக்கக் கூடாது.

வேலை முடிஞ்சதும் உடனே கரண்ட் போடாதீங்க. புது கீசர்ல தண்ணி நிரம்பணும். சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, காத்து போய்த் தண்ணி நிக்காம வர்ற வரைக்கும் விடுங்க. காலி டேங்க்ல போட்டா எலிமென்ட் கருகிடும். அப்புறம் மெயின், இ.எல்.சி.பி. கீழ இருந்தா அது, பிறகு ஒண்ணொண்ணா எம்.சி.பி., கடைசியா இன்வெர்ட்டர். ஏதாவது விழுந்தா ஒரு தடவை முழுசாக் கீழ இறக்கிட்டு மறுபடி தூக்குங்க. இன்னொரு தடவை விழுந்தா அதை வற்புறுத்தாதீங்க, எங்கயோ பழுது இருக்கு.

ஃபிரிட்ஜைத் திறக்காம வச்சிருந்தா ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது.

நாளைக்கு 9:45க்குள்ள, மெயினும் எம்.சி.பி. எல்லாமும் கீழ இருக்கற மாதிரி போர்டோட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் பாத்து "சரி"ன்னு சொன்ன பிறகு எலக்ட்ரீஷியன் ஆரம்பிக்கட்டும். எட்டாவதுக்கு "இன்வெர்ட்டர்"னு புது லேபிள் எழுதி அவர்கிட்ட குடுத்து விடறேன், மறக்காம ஒட்டிடுங்க.