அக்காவுக்கு

அக்கா, அம்மா தவறிட்டாங்கன்னு தம்பி மெசேஜ் போட்டிருந்தான். போன் பண்ணலக்கா, காலைலேருந்து எத்தனை பேருக்கு அதே விஷயத்த திரும்பத் திரும்ப சொல்லியிருப்பீங்களோ. இதுக்கு ரிப்ளை வேண்டாம், முடியும்போது படிங்க.

எல்லாரும் இன்னைக்குத்தான் துக்கம் கேக்க வர்றாங்க. ஆனா நீங்க அம்மாவ இன்னைக்கு மட்டுமா பறிகொடுத்தீங்க? உங்கள அவங்களோட அக்கான்னு நெனச்சு கூப்பிட்டாங்களே, அன்னைக்கு ஒரு தடவ. காலமெல்லாம் தைச்ச கை, நூல ஒரு பக்கமும் ஊசிய ஒரு பக்கமும் வச்சுக்கிட்டு அடுத்து என்னன்னு தெரியாம முழிச்சுதே, அன்னைக்கு ஒரு தடவ. அப்புறம் பேச்சே நின்னு போனப்போ. ஆள் கண்ணெதிர்ல உக்காந்திருந்ததால அதெல்லாம் யாருக்கும் இழப்பாவே தெரியல. அது எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் இப்ப எழுதுறேன்.

சாயங்காலம் ஆனா பையத் தூக்கிக்கிட்டு "வீட்டுக்குப் போகணும்"னு கதவுகிட்ட நிப்பாங்க இல்ல, இதுதாம்மா நம்ம வீடுன்னு சொன்னா இன்னும் பதறுவாங்க, அதனால நீங்க "சரி வாங்க போலாம்"னு செருப்பு மாட்டிவிட்டு தெருவுல ஒரு சுத்து கூட்டிட்டுப் போய் அதே வாசல்ல கொண்டுவந்து நிறுத்தி "வீடு வந்துருச்சும்மா"ன்னு சொல்வீங்க, அவங்களும் அப்பாடான்னு உள்ள வந்து உக்காருவாங்க. நானே பார்த்திருக்கேன். எப்பவாவது வந்துட்டு அட்வைஸ் பண்ணிட்டுப் போன சொந்தக்காரங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்.

வளையல நீங்க திருடிட்டதா ஊரெல்லாம் சொன்னது அம்மா இல்லக்கா, அந்த நோய். உங்களுக்கே தெரியும், தெரிஞ்சும் வலிச்சுது, அதுவும் தெரியும்.

ஒரு நாள் பொறுமை போய் கத்திட்டேன்னு அழுதீங்க. அது இப்ப வந்து உங்கள அரிக்கும். ஆனா கடைசி மாசங்கள்ல நர்ஸ் தொட்டா கைய உதறினவங்க உங்க குரல் கேட்டதும் வாயத் தொறந்தாங்க, முழுங்கவே கஷ்டப்பட்டப்போ கூட. நீங்க யாருன்னு தெரியல, ஆனா பயப்பட வேண்டாத ஆளுன்னு தெரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு. "நல்லதுதான், அவங்களுக்கும் விடுதலை உனக்கும் விடுதலை"ன்னு நாலு பேர் சொல்வாங்க, எரிச்சலா இருக்கும். அதே நிம்மதி உங்களுக்கே உள்ளுக்குள்ள வந்தா அதுக்காக உங்கள நீங்களே திட்டிக்காதீங்க. அவங்க போகணும்னு நெனச்சதா அதுக்கு அர்த்தம் இல்ல, அவங்க படுற பாடு முடியணும்னு நெனச்சீங்க, அவ்வளவுதான். அழுகையே வராட்டியும் பரவால்ல, நீங்க வருஷக்கணக்கா அழுதாச்சு. நடுராத்திரி டயப்பர் மாத்தற நேரத்துக்கு முழிப்பு வரும், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், அப்ப எனக்கு போன் பண்ணுங்க, எந்த நேரம்னு பாக்காதீங்க.

நோய்க்கு முன்னாடி இருந்த அம்மாவ, அளவெடுக்கும்போது "நேரா நில்லுடி"ன்னு ஸ்கேலால முதுகுல தட்டுவாங்களே, அவங்கள எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கேக்கணும்போல இருக்கும்போது சொல்லுங்க, நெறைய வச்சிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். கட்டில், வீல்சேர், மிச்ச மருந்து எதையும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், யாராவது சொன்னாலும் விடுங்க, உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப சேர்ந்து பாத்துக்கலாம்.