கணக்குத் தேர்வுக்கு முந்தைய மாலை

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை ஒன்றில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்த சண்முகத்தின் வீட்டில், ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து எல்லாருடைய நாளும் கதிரேசனின் பத்தாம் வகுப்பை ஒட்டியே நகர்ந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியின் கேபிள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு அம்மா மட்டும் தனியாகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, மதியப் பந்தி முடிந்த கையோடு திரும்பி வந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து கதிரேசன் விளையாடி வந்த ஹாக்கி மட்டை பழைய வேட்டியொன்றில் சுற்றப்பட்டுப் பரண் மேல் ஏறியது.

காலை நான்கு மணிக்கு அலாரம் அடிக்கும். ஐந்தரைக்கு டியூஷன், அது முடிந்ததும் பள்ளியில் சிறப்பு வகுப்பு, பிறகு வழக்கமான வகுப்புகள், மாலையில் மறுபடியும் சிறப்பு வகுப்பு, ஏழிலிருந்து ஒன்பது வரை மறுபடியும் டியூஷன் என்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பன்னிரண்டு மணி வரை படித்த பிறகே அவனுக்குப் பாய் விரிக்கப்படும். இதில் கொடுமை என்று எதுவும் அந்தத் தெருவில் யாருக்கும் படவில்லை; பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகள் எல்லாமே ஏறத்தாழ இப்படித்தான் இருந்தன.

ஆனால் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போயிற்று. டியூஷனில் வைத்த முழுப்பாடத் தேர்வுகளில் கணக்கில் முதலில் 61 வாங்கினான், அடுத்ததில் 55. ஜனவரியில் பள்ளியில் நடந்த முதல் திருப்புதல் தேர்வில் 47. விடைத்தாளைக் கூடத்து விளக்கின் கீழே விரித்து வைத்துக்கொண்டு, ஆலைப் பேரேட்டைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார் சண்முகம். சூத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. இடைக்கண்டத்தின் கன அளவைக் கண்டுபிடிக்கும் நீளமான கணக்கில் கடைசிக்கு முந்தைய வரி வரை ஒழுங்காக வந்துவிட்டு, ஏழு எட்டு ஐம்பத்து நான்கு என்று பெருக்கியிருந்தான். x² − 2x − 15 என்ற கோவையை (x + 5)(x − 3) என்று காரணிப்படுத்தியிருந்தான். எட்டாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கூடக் குறிகளை மாற்றிப் போட்டிருக்க மாட்டாள். வினாத்தாளில் 16 என்று இருந்ததை விடைத்தாளில் 19 என்று எடுத்தெழுதி, அந்தத் தவறான எண்ணுக்கு மிகச் சரியான விடையைக் கண்டுபிடித்திருந்தான். ஆசிரியை சிவப்பு மையில் ‘கவனம்’ என்று ஐந்து இடங்களில் எழுதியிருந்தார்.

கவனக்குறைவுக்குச் சண்முகம் கண்ட மருந்து இன்னும் அரை மணி நேரப் படிப்பு. அலாரம் மூன்றரைக்கு மாற்றப்பட்டது.

இரண்டாம் திருப்புதல் தேர்வில் கணக்கு ஒரு திங்கட்கிழமையில் விழுந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு மாலை நாலரை மணிக்கு, சாணி மெழுகிய திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஆச்சி, பேரன் அளவியல் பாடத்தின் ஒரே பக்கத்தை நெடுநேரமாகத் திருப்பாமல் வைத்திருப்பதைக் கவனித்தாள். அவன் உதடுகள் அசைந்தன, கண்கள் அசையவில்லை. பக்கத்தில் வைத்த காபியில் ஆடை படிந்திருந்தது.

“என்னய்யா படிக்கே?” என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். என்ன படிக்கிறான் என்பதைச் சொல்வதற்கு அவன் புத்தகத்தைத் திரும்பக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஆச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து புத்தகத்தை மூடினாள். அந்த நேரத்துக்குச் சரியாகச் சண்முகமும் கடைத்தெருவிலிருந்து வந்து சேர்ந்தது கதிரேசனின் நல்ல காலமா கெட்ட காலமா என்பது சற்று நேரம் வரை தெளிவாகவில்லை.

“நாளைக்குப் பரீட்சைம்மா. இன்னைக்குப் போய் மூடி வைக்கச் சொல்லுதீங்களே” என்றார் அவர், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“இனிமே ஏறாதுய்யா. மொகத்தப் பாரு.”

“இன்னும் ரெண்டு பாடம் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கு.”

“சரி, நீ கம்பெனியில பண்டல் கணக்க எப்பக் கூட்டுத?” என்று ஆச்சி கேட்டாள்.

சண்முகம் பதில் சொல்லவில்லை. ஆலையில் அவர் இருபது ஆண்டுகளாக வைத்திருந்த வழக்கம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்றன்றைய பண்டல், கூலி, மெழுகு, குச்சி வரவு எல்லாவற்றையும் மாலையில் எழுதி மட்டும் வைப்பாரே தவிர, மொத்தம் போடமாட்டார். நாள் முழுவதும் நின்று களைத்த கண்ணோடு கூட்டினால் எங்கேயாவது ஒரு பத்து விட்டுப்போகும், அதைத் தேடுவதற்கு அரை நாள் போகும் என்பார். மறுநாள் காலையில் முதல் வேலையாக உட்கார்ந்தால் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாளி அவசரப்படுத்தியபோதுகூட அந்த வழக்கத்தை அவர் மாற்றிக்கொண்டதில்லை.

“அது வேற, இது வேற” என்று கடைசியில் சொன்னார். ஆனால் குரலில் அழுத்தம் இல்லை. அடுக்களை வாசலில் நின்றிருந்த அம்மா, “ஒரு நாள்தானே, அத்தை சொல்லுதாங்க, விடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பதினெட்டு ஆண்டு மணவாழ்க்கையில் மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் நின்ற சந்தர்ப்பங்கள் அதிகம் இல்லையாதலால், சண்முகம் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கதிரேசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கி எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற கரிசல் ஊரில், தெருப்பையன்கள் கிரிக்கெட்டை விட்டுவிட்டு வளைந்த மட்டையோடு திரிவது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். அன்று செயற்கைப் புல்வெளியில் தண்ணீர் தெளித்து விட்டிருந்தார்கள். பந்து உருளும் பாதையில் மெல்லிய நீர்க்கோடு எழும்பி அடங்கியது. முன்பு அவனோடு ஆடியவர்கள் கைகாட்டினார்கள். அவன் இறங்கவில்லை, வேலி ஓரத்துச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

முதல் கால் மணி நேரம் அவன் மனம் சும்மா இருக்கவில்லை. கூம்பின் புறப்பரப்பு, கோளத்தின் கன அளவு என்று எதையாவது ஒப்புவித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல்கோட்டுக்குப் பின்னால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் குனிந்து நின்றதும், கோட்டிலிருந்து பந்து தள்ளப்பட்டதும், வட்டத்தின் விளிம்பில் அதை நிறுத்தியவன் அடிப்பதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தட்டிவிட்டதும், பலகை அதிர்ந்ததும் சேர்ந்து நான்கைந்து நொடிதான் இருக்கும். கதிரேசன் தன்னை அறியாமல் எழுந்து நின்று கத்தினான். அதன் பிறகு ஆட்டம் முடியும் வரை சூத்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. வராதது பற்றிய அச்சமும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, வெந்நீரில் குளித்து, மொச்சைக் குழம்பு ஊற்றி ஐந்து தோசை தின்றான். எட்டரை மணிக்குப் படுத்தான். அலாரத்தை மூன்றரைக்கு வைக்கக் கை நீட்டிய சண்முகத்தைப் பார்த்து ஆச்சி தொண்டையைச் செருமினாள். அவர் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு அறையில் வைத்தார். இரவில் ஒரு தடவை எழுந்து வந்து மகனை எட்டிப் பார்த்ததையும், கையில் அளவியல் பாடத்தை எடுத்துப் புரட்டிவிட்டு வைத்ததையும் அம்மா பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். பையன் தானாக விழித்தபோது மணி ஐந்தரை தாண்டியிருந்தது.

தேர்வறையில் வினாத்தாளைப் படிப்பதற்கென்று கொடுக்கப்படும் முதல் பத்து நிமிடத்தை அவன் இதுவரை பதற்றத்தில்தான் கழித்திருந்தான். அன்றைக்கு முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை படிக்க முடிந்தது. ஐந்து மதிப்பெண் கேள்விகளில் எந்தப் பத்தை எழுதுவது என்று பென்சிலால் மெதுவாகப் புள்ளி வைத்துக்கொண்டான். அதில் இரண்டு கேள்விகள் அவனுக்குத் தெரியாதவைதான். மாலை முழுவதும் விழுந்து படித்திருந்தாலும் தெரிந்திருக்காது.

இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒரு கோபுரம் வந்தது. அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவனுக்கு உச்சியின் ஏற்றக்கோணம் 60°. உயரம் என்ன என்பது கேள்வி. படத்தை வரைந்து, tan 60° = 1/√3 என்று எழுதி, 10√3 என்று விடையும் கண்டு, தோராயமாக 17.32 மீட்டர் என்று அடிக்கோடிடப் போனவன், கை நின்று படத்தைப் பார்த்தான். தலையை அவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டிய கோபுரம், நிற்கும் தூரத்தைவிடக் குட்டையாக எப்படி இருக்க முடியும்? tan 30°-இன் மதிப்பை 60°-க்குப் போட்டிருக்கிறான். அடித்துவிட்டு, tan 60° = √3, உயரம் 30√3, அதாவது 51.96 மீட்டர் என்று எழுதினான். முந்தைய தேர்வுகளிலும் இதே மாதிரித் தவறுகளைத்தான் செய்திருந்தான். அப்போதெல்லாம் எழுதிய விடையைத் திரும்பிப் பார்ப்பதற்கு ஆள் இல்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று இடங்களில் குறிகளைத் திருத்தினான்.

வியாழக்கிழமை தாள் கொடுத்தார்கள். 68. வகுப்பில் அது பெரிய மதிப்பெண் இல்லை. தொண்ணூறுக்கு மேல் ஏழு பேர் இருந்தார்கள். ஆசிரியை அவனுடைய பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “எந்த டியூஷனுக்கு மாறினாய்?” என்று கேட்டார். மாறவில்லை என்று அவன் சொன்னதை அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

இரவில் சண்முகம் மறுபடியும் விளக்கின் கீழே உட்கார்ந்து வரி வரியாக விரல் வைத்துப் போனார். ‘கவனம்’ ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறந்திருந்தான். மற்றபடி போன மதிப்பெண்கள் எல்லாம் உண்மையிலேயே தெரியாத கணக்குகளுக்குப் போனவை. அப்படிப்பட்ட பற்றாக்குறை அவருக்குப் புரிந்தது. அதற்கு என்ன செய்வது என்றும் தெரிந்தது. அந்த இரண்டு பாடங்களையும் டியூஷன் வாத்தியாரிடம் தனியாகச் சொல்லித்தரச் சொல்வதாகக் கூறினார்.

“சரிப்பா” என்றான் கதிரேசன். பிறகு, “ஞாயித்துக்கிழமை சாயங்காலம்…” என்று இழுத்தான்.

“ஒரு மணி நேரம்.”

“ஆட்டம் முடிய ஆறரை ஆகும்பா.”

“சரி, ஆறரை. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சிரணும்.”

“அஞ்சரை.”

சண்முகம் ஆச்சி இருந்த பக்கம் பார்த்தார். அவள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு எதுவும் காதில் விழாத மாதிரிதான் இருந்தது. சற்று நேரம் யோசித்துவிட்டு, “அஞ்சு” என்றார் அவர். அதற்குக் கீழே இறங்கமாட்டார் என்று தெரிந்ததால் கதிரேசன் ஒத்துக்கொண்டான்.