திருப்பூரில் நேரடி நேர்காணல்: 155 பேர் வேண்டும் | ஜூன் 12, 13, 14

டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங், மெக்கானிக், சூப்பர்வைசர் என எல்லாப் பிரிவுக்கும் ஆள் எடுக்கிறோம். பெருமாநல்லூர் சாலையில் உள்ள எங்கள் பின்னலாடைத் தொழிற்சாலையில் புதிதாக நான்கு தையல் லைன்கள் தொடங்குகின்றன. டி-ஷர்ட், போலோ, குழந்தைகள் உடை ஆகிய மூன்றும்தான் எங்கள் வேலை. முழுக்க ஏற்றுமதி ஆர்டர்.

எந்த நாள் யார் வரவேண்டும்?

ஜூன் 12, வெள்ளி: முன் அனுபவம் இல்லாதவர்கள், கைமடி, பேக்கிங், கட்டிங் உதவியாளர்கள்.
ஜூன் 13, சனி: சூப்பர்வைசர், குவாலிட்டி, மெர்ச்சண்டைசிங், மெக்கானிக், எலக்ட்ரீஷியன்.
ஜூன் 14, ஞாயிறு: டெய்லர்கள், செக்கிங், அயர்ன்.

மூன்று நாளும் காலை 9 முதல் மாலை 4 வரை. டோக்கன் 2 மணியோடு நிறுத்தப்படும். டெய்லர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இப்போது வேறு கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் ஒரு ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு இங்கே வரக் கூடாது. உங்களுக்கான நாளில் வர முடியவில்லை என்றால் மற்ற இரண்டு நாளில் எப்போது வந்தாலும் பார்ப்போம், திருப்பி அனுப்ப மாட்டோம்.

வேலைகளும் சம்பளமும்

சிங்கர் டெய்லர் 30 பேர், ஓவர்லாக் 28, பேட்லாக் 16. மூன்றுக்கும் ஒரு ஷிப்டுக்கு 570 ரூபாய். போலோ பட்டி, காலர் வைக்கத் தெரிந்த சிங்கர் டெய்லருக்கு 610. இந்த வேலை தெரிந்தவர்களைத்தான் அதிகம் தேடுகிறோம்.

கைமடி 24 பேர், 440 ரூபாய். அனுபவம் தேவையில்லை. மெஷினில் உட்கார ஆசைப்படும் கைமடிகளுக்குத் தினமும் வேலை நேரத்திலேயே ஒரு மணி நேரம் பயிற்சி உண்டு. அந்த நேரத்துக்கும் சம்பளம் பிடிக்க மாட்டோம்.

செக்கிங் 20 பேர், 460 ரூபாய். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, அளவு மாறியது இவற்றைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். பிசிறு வெட்டி மட்டும் பழகியவர்களும் வரலாம், கற்றுத் தருவோம்.

அயர்ன் 10 பேர், 550 ரூபாய். பேக்கிங் 10 பேர், 470 ரூபாய். கட்டிங் உதவியாளர் 4 பேர், 470 ரூபாய்.

தையல் மெஷின் மெக்கானிக் 2 பேர், மாதம் 21,000 முதல். எலக்ட்ரீஷியன் ஒருவர், ஐ.டி.ஐ. முடித்திருக்க வேண்டும், மாதம் 18,000. லைன் சூப்பர்வைசர் 3 பேர், 22,000 முதல். குவாலிட்டி 5 பேர், 17,000 முதல். மெர்ச்சண்டைசிங் உதவியாளர் 2 பேர், ஏதாவது ஒரு டிகிரி, 16,000.

கையில் எவ்வளவு வரும்?

இதைத்தான் எல்லோரும் கேட்பார்கள், அதனால் கணக்கையே போட்டுக் காட்டுகிறோம். 570 ரூபாய் டெய்லர் 26 நாள் வந்தால் 14,820. அதில் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,778 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 112 ரூபாய். மீதி 12,930 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும். பி.எஃப்.புக்கு நிறுவனமும் தன் பங்காக 12 சதவீதம் கட்டும், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் கட்டும். நிறுவனத்தின் பங்கை உங்கள் சம்பளத்தில் கழிக்கும் பழக்கம் இங்கே கிடையாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே.

"பி.எஃப். வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள்" என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் மாட்டோம். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகும்போது கடன் வாங்கி ஓட வேண்டியதில்லை. பெண்களுக்கு, தேவையான அளவு சந்தா நாட்கள் சேர்ந்திருந்தால், பேறுகாலத்தில் 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான பணமும் கிடைக்கும்.

வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 5.30. மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. டீ நேரம் இரண்டு, அது வேலை நேரத்திலேயே சேரும். கூடுதல் நேரம் பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம். 570 ரூபாய் டெய்லருக்கு அது ஒரு மணி நேரத்துக்கு 142 ரூபாய் 50 காசு. நிற்க முடியாது என்று சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஞாயிறு விடுமுறை.

சனிக்கிழமை பட்டுவாடா வாங்கிப் பழகியவர்கள் கவனிக்கவும்: இங்கே மாதச் சம்பளம், 7ஆம் தேதிக்குள் வங்கியில் ஏறும். வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்களுக்கு முதல் மாதம் இரண்டாவது சனிக்கிழமை 2,000 ரூபாய் முன்பணம் தருகிறோம்.

என்னென்ன கொண்டு வர வேண்டும்?

ஆதார், பான் கார்டு இருந்தால் அது, வங்கி பாஸ்புக், பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் 4. எல்லாவற்றிலும் அசல் ஒன்று, நகல் இரண்டு. அசலைப் பார்த்துவிட்டு அப்போதே உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். யாருடைய அசல் சான்றிதழையும் நாங்கள் வாங்கி வைப்பதில்லை. படிக்காதவர்கள் சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம், டெய்லர், கைமடி, பேக்கிங் வேலைகளுக்கு ஆதாரும் பாஸ்புக்கும் போதும்.

முன்பு வேலை பார்த்தவர்கள் யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் கொண்டு வாருங்கள். பழைய சம்பளச் சீட்டில் இரண்டும் இருக்கும். பழைய எண்ணை மறைத்துவிட்டுப் புது எண் கேட்காதீர்கள். ஒருவருக்கு ஒரே யு.ஏ.என். தான். இரண்டு எண் ஆகிவிட்டால் பழைய கம்பெனியில் சேர்ந்த பணத்தை எடுக்கும்போது மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். பழைய கம்பெனியில் நீங்கள் விலகிய தேதியைப் போடவில்லை என்றால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே பி.எஃப். இணையதளத்தில் போடலாம். தெரியவில்லை என்றால் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்து தருகிறோம்.

இதுவரை பி.எஃப். எண்ணே இல்லாதவர்களுக்கு உமங் ஆப்பில் முகம் காட்டி எடுக்க வேண்டும். அதையும் இங்கேயே செய்துவிடலாம். ஆனால் ஆதாரோடு இணைத்த போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் ஊரில் அண்ணனிடம் இருக்கிறது, கணவரிடம் இருக்கிறது என்றால் முன்கூட்டியே வாங்கி வாருங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர் என்று இருக்கும். இருந்தாலும் வாருங்கள், வேலை போய்விடாது. ஆனால் சேர்ந்த முதல் மாதத்துக்குள் ஆதாரைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு, பிறந்த தேதி. ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்றால் இரண்டையும் காட்டிவிடுங்கள். மூன்று, வங்கிக் கணக்கு. குறைந்த ஆவணங்களோடு தொடங்கிய சிறு கணக்கு என்றால் அதில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. உங்கள் சம்பளம் அதைத் தாண்டும். வங்கியில் ஆதாரைக் கொடுத்து முழுக் கணக்காக மாற்றி வாருங்கள்.

18 வயது முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் குறைந்தாலும் எடுக்க மாட்டோம். தம்பி தங்கைகளைக் கூட்டி வந்து கெஞ்ச வேண்டாம், அவர்கள் படிக்கட்டும்.

நேர்காணல் எப்படி நடக்கும்?

டெய்லர்களிடம் கேள்வி கேட்க மாட்டோம், மெஷினில் உட்கார வைப்போம். ஓவர்லாக் என்றால் ஷோல்டர் ஜாயிண்ட், கை ஏற்றுவது, கழுத்து ரிப் வைப்பது. பேட்லாக் என்றால் பாட்டம் மடி, கை மடி. சிங்கர் என்றால் லேபிள், பட்டி. மெஷினுக்குக் கை பழக ஐந்து பீஸ் கொடுப்போம், அதற்குப் பிறகு தைப்பதைத்தான் பார்ப்போம். வேகத்தைவிடத் தையல் நேராக வருகிறதா, துணி இழுக்காமல் போகிறதா என்பதுதான் முக்கியம். வேகம் லைனில் வந்துவிடும்.

செக்கிங்குக்கு 20 பீஸ் கொடுத்து டேமேஜ் பிரிக்கச் சொல்வோம். குவாலிட்டிக்கு வருபவர்கள் அளவு சார்ட்டையும் ஏ.கியூ.எல். முறையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். மெக்கானிக்குகள் லூப்பர் டைமிங் வைத்துக் காட்ட வேண்டும்.

முடிவை அன்றே சொல்லிவிடுவோம். தேர்வானவர்கள் ஜூன் 22, திங்கள் முதல் சேரலாம். இருக்கும் கம்பெனியில் சொல்லிவிட்டு விலக நாள் வேண்டும் என்றால் ஜூலை 6 வரை இடம் வைத்திருப்போம். பாதியில் சொல்லாமல் வந்துவிடாதீர்கள், அங்கே வர வேண்டிய சம்பளமும் போனஸும் உங்கள் பணம்.

தங்குமிடம், போக்குவரத்து

பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி விடுதி உண்டு. தங்குவதற்குக் கட்டணம் இல்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நாளுக்கு 70 ரூபாய். விடுதியில் இருப்பவர்கள் போன் வைத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாம், வீட்டிலிருந்து யார் வந்தாலும் பார்க்கலாம். மகளைத் தனியாக அனுப்பும் பெற்றோர் நேர்காணல் அன்றே கூட வந்து அறைகளையும் சமையலறையையும் சுற்றிப் பாருங்கள். கைக்குழந்தை உள்ள அம்மாக்களுக்குத் தொழிற்சாலைக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது.

அவினாசி, பல்லடம், ஊத்துக்குளி, குன்னத்தூர் பக்கமிருந்து கம்பெனி பஸ் இலவசம்.

எப்படி வருவது?

திருப்பூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து பெருமாநல்லூர், குன்னத்தூர், கோபி போகும் பஸ்ஸில் ஏறி, பாண்டியன் நகர் தாண்டி எங்கள் கம்பெனி கேட் முன்பே இறங்கலாம். ரயிலில் வருபவர்கள் முதலில் புதிய பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். சேலம், ஈரோடு பக்கமிருந்து பைபாஸில் வருபவர்கள் பெருமாநல்லூரில் இறங்கி, திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்கலாம். மூன்று நாளும் புதிய பேருந்து நிலையத்திலிருந்து காலை 8.30க்கும் 10.30க்கும் எங்கள் வேன் கிளம்பும். கண்ணாடியில் "நேர்காணல்" என்று பெரிதாக ஒட்டியிருக்கும். வருபவர்களுக்கு மதியச் சாப்பாடு இங்கேயே.

யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். விண்ணப்பம், டோக்கன், யூனிபார்ம், விடுதி, பயிற்சி எதற்கும் கட்டணம் இல்லை. முன்வைப்புத் தொகையும் இல்லை. எங்களுக்கு ஏஜென்ட் யாரும் கிடையாது. "கம்பெனியில் எனக்கு ஆள் தெரியும், 2,000 கொடு" என்று யாராவது கேட்டால் அவர் எங்கள் ஆள் இல்லை. உடனே இந்தப் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்புங்கள், அல்லது கேட்டில் இருக்கும் மனிதவள அலுவலரிடம் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்து கேட்டாலும் போடாதீர்கள்.

சந்தேகம் எதுவாக இருந்தாலும் இந்தப் பக்கத்துக்கே எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. காலை 9 முதல் மாலை 6 வரை பதில் வரும். வேலை தேடும் அக்கா, தம்பி யாராவது தெரிந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

#திருப்பூர்வேலை #டெய்லர்வேலை #நேரடிநேர்காணல் #பின்னலாடை #பெருமாநல்லூர்